மேனேஜரா, லீடா?

"ஏழு வருஷமாகப் பர்ச்சேஸில் சீனியர் எக்ஸிகியூட்டிவ். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரே கம்பெனி 'பர்ச்சேஸ் மேனேஜர்', 'லீட் சோர்சிங்' என இரண்டு வேலைக்கு ஆள் கேட்கிறது. எதற்குப் போடட்டும் அண்ணாச்சி?"

லீடுக்குப் போடுங்க தம்பி. பேரைப் பார்த்தால் மேனேஜர்தான் பெரிசு. ஆனால் நீங்கள் அனுப்பிய விளம்பரத்தில் அந்த மேனேஜர், துணைப் பொது மேலாளருக்குக் கீழே வருகிறார். வேலையும் பர்ச்சேஸ் ஆர்டர் போடுவது, சப்ளையரை விரட்டுவது, பதிவேடு பார்ப்பது. கீழே ஆள் இருப்பதாக ஒரு வரிகூட இல்லை. இது நீங்கள் இப்போது பார்க்கிற வேலையேதான். லீட் நேராக ஆலைத் தலைவரிடம் பேசுகிறார். சப்ளையரைத் தேர்ந்தெடுக்கிறார், வருஷ ஒப்பந்த விலையை முடிக்கிறார், மூன்று பேரை நடத்துகிறார். எட்டு வருஷ அனுபவம் கேட்டிருப்பது தடையில்லை. நீங்களே விலை பேசி முடித்த ஒப்பந்தம் ஒன்றிரண்டு இருந்தால் அதை பயோடேட்டாவின் மேலேயே எழுதுங்கள். இல்லையென்றால்தான் யோசிக்க வேண்டும்.

நானும் மேனேஜர் என்ற பேருக்கு மயங்கி ஓரிடத்தில் சேர்ந்தேன். முதல் வாரமே நாலாயிரம் ரூபாய் பேரிங் வாங்க சென்னையிலிருந்து கையெழுத்து வர வேண்டியிருந்தது. மெஷின் இரண்டு நாள் நின்றது. அதனால் ஹெச்.ஆர். கூப்பிட்டால், எவ்வளவு தொகை வரை நானே கையெழுத்துப் போடலாம் என்று கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம்: முப்பது பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே எல்லோருமே முதலாளிக்கு நேர் கீழேதான்.