பாரசீகப் பெயர்களில் வரும் kh, gh, zh ஒலிகளைத் தமிழில் எழுதுவது எப்படி?

கேள்வி: "பதுளையிலிருந்து வரும் ஒரு சிறு சஞ்சிகைக்காக ஈரானியக் கவிதைகளை மொழிபெயர்க்கிறேன். பெயர்களில் வரும் kh, gh, zh ஆகியவற்றுக்குத் தமிழில் எழுத்தே இல்லையே, ஃக என்று எழுதலாமா?"

முதலிரண்டுக்கும் க, மூன்றாவதற்கு ஜ என்று எழுதுங்கள். ஹட்டனில் மொழிபெயர்ப்புப் பிரதிகளைச் செப்பனிடும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், நான் கடைப்பிடிக்கும் வழக்கம் இதுதான்.

பாரசீகத்தின் kh வடமொழியில் உள்ளதுபோல் க் ஒலியோடு மூச்சைச் சேர்த்துச் சொல்லும் எழுத்தன்று. அடிநாக்கு அண்ணத்தை நெருங்க, இடையே காற்று உரசிக்கொண்டு வெளிவரும் ஒலி அது. ஆகையால் சுலோகப் புத்தகங்களில் செய்வதுபோல் க எழுத்தின் மேல் 2, 4 என்று இலக்கமிடுவது வாசகரைத் தவறான ஒலிக்கே அழைத்துச் செல்லும். ஏறக்குறைய அதே இடத்தில் குரலும் சேர்ந்து பிறப்பது gh. இனி, நம்முடைய க எழுத்தைக் கவனியுங்கள். 'கல்' என்னும்போது அது வல்லொலி. 'பகல்' என்னும்போதோ அதே எழுத்து மென்மையாகி, தொண்டைப் பக்கம் உரசிக்கொண்டு வருகிறது. எனவே பெயரின் நடுவில், இரு உயிரொலிகளுக்கு இடையே, தனிக் க நீங்கள் தேடும் ஒலிக்கு மிகவும் அருகில் நிற்கிறது. அந்த இடத்தில் க்க என்று இரட்டித்தால்தான் ஒலி கெடும். இரட்டிப்பை உண்மையான k ஒலிக்கென்று ஒதுக்கி வையுங்கள். மலையகக் கடைத்தெருக்களில் நாம் காணும் முஸ்லிம் பெயர்கள் இந்த வழியில்தான் எழுதப்படுகின்றன. புகாரியில் இருப்பது kh. ஈரானியர் gh ஒலியோடு ரொகய்யே என்று சொல்லும் பெயர்தான் நம்மிடம் ருகையா. சொல்லின் தொடக்கத்தில் மட்டும் அந்த உரசலை இழக்கிறோம். காலித், கபூர், கய்யாம் ஆகியவற்றில் அந்த இழப்பு உண்டு. ஆனால் அதனால் எவரும் ஆளை மாற்றிப் புரிந்துகொள்வதில்லை.

ஃக என்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஏனெனில் எஃகு என்ற சொல்லில் ஆய்தம் தரும் ஒலி kh ஒலிக்கு நெருக்கமானது. ஆயினும் ஃப என்பது வாசகருக்குப் பழகிவிட்டதுபோல் ஃக பழகவில்லை. ஃகய்யாம் என்று கண்டால் பலர் வாசிப்பை நிறுத்தி யோசிப்பார்கள்.

zh விடயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். தமிழின் ழ எழுத்தை ஆங்கிலத்தில் எழுத நாம் பயன்படுத்தும் அதே இணை என்பதால், ஷாநாமாவின் காதலர் இருவரும் பிழன், மனிழே ஆகிவிடுகிறார்கள். பாரசீகத்தில் அது ஷ ஒலியோடு குரல் சேர்ந்த ஒலி. நாக்கை மடிக்கும் வேலையே அதில் இல்லை. பிரெஞ்சுப் பெயர்களுக்கு 'ழான்' என்று எழுதும் சிற்றிதழ் வழக்கம் எனக்குத் தெரியும். அந்த வழக்கத்தை அறியாத வாசகர் அதை மழையில் வரும் ழ போலவே வாசிப்பார். ஷ என்று எழுதினால் குரல் போய்விடுகிறது, ஜ என்று எழுதினால் குரல் நிற்கிறது. ஈரானியர் பலரும் தம் பெயரை ஆங்கிலத்தில் Bijan என்றே எழுதுகிறார்கள். ஆகவே பீஜன், மனீஜே. இப்படிச் செய்யும்போது z ஒலிக்கு ஜ போடாமல், அஸீஸ், ரஸாக் என்று நாம் எழுதும் இலங்கை வழக்கப்படி ஸ போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

உங்கள் சஞ்சிகையில் எப்படியும் இடம்பெறக்கூடிய ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: 1967 இல் மறைந்த பெண் கவிஞர் Forugh Farrokhzad. முதற்பெயரின் இறுதியில் gh, குடும்பப் பெயரின் நடுவில் kh. முதற்பெயரில் முதல் உயிர் குறில் ஒ, அடுத்தது நெடில் ஊ, எனவே ஃபொரூக். அதை ஃபாரூக் என்று எழுதினால் ஓர் ஆணின் பெயராகிவிடும். குடும்பப் பெயரில் ர இரட்டிக்கிறது, kh ஒலிக்குப் பின் மெய் வருவதால் க் என்றே நிற்கிறது, z ஸ ஆகிறது, ஈற்றில் இருப்பது பல்லைத் தொடும் d ஆகையால் த்: ஃபர்ரொக்ஸாத். 'ஃபரோக்ஸாட்' என்று வரும் பிரதிகளில் kh சரியாகவே இருக்கிறது. பிழையானவை ரகரமும், ஓகாரமும், டகரமுமே. இம்மூன்றுக்கும் தமிழில் எழுத்து இருந்தும், பெயர் ஆங்கில எழுத்துக்கூட்டல் வழியாக வந்ததால் அவற்றைத் தொலைத்துவிடுகிறோம். 1997 முதல் 2005 வரை ஈரானின் ஜனாதிபதியாக இருந்தவரும் இப்படித்தான் கட்டாமி ஆகிறார். முதல் உயிர் நெடில், இரண்டாவது குறில், t பல்லொலி என்பதைப் பாரசீக மூலத்தில் பார்த்தால் காத்தமி என்பது தானாகவே வந்துவிடும். எனவே ஒவ்வொரு பெயருக்கும் பாரசீக எழுத்துருவைத் தேடி, முதலில் நெடிலையும் இரட்டிப்பையும் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு kh, gh பற்றிக் கவலைப்படுங்கள்.