மை புட்டியில் சேறு

ஆபீஸில் மெஷின் மாதிரி வேலை செய்கிறவரைப் பார்த்தால் ஏன் சிரிப்பு வருகிறது?

பிரெஞ்சு தத்துவவாதி ஹென்றி பெர்க்சன் 1900இல் சிரிப்பைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. உயிருள்ள மனிதர் நிலைமைக்குத் தகுந்தபடி வளைந்துகொடுப்பார் என்று எதிர்பார்க்கிறோம். அவர் இயந்திரம்போல விறைப்பாக ஓடினால் சிரிப்பு வந்துவிடுகிறது.

பெர்க்சன் காட்டும் ஆள், தினமும் கடிகாரம்போல வேலை பார்ப்பவர். யாரோ குறும்புக்காரன் அவருடைய மேசையைக் கலைத்து வைக்கிறான். பேனாவை மை புட்டியில் விட்டால் சேறு வருகிறது. நாற்காலி என்று நம்பி உட்கார்ந்தால் கீழே விழுகிறார். நிலைமை மாறியும் கை பழைய வேலையையே செய்கிறது, பாருங்கள்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. பிரான்ஸின் தியெப் துறைமுகம் அருகே கப்பல் மூழ்கி, உயிர் தப்பி வந்தவர்களுக்கு உதவச் சுங்க அதிகாரிகள் துணிச்சலாக ஓடினார்களாம். போனதும் முதலில் கேட்டது: "சுங்கத்துக்குக் காட்ட ஏதாவது இருக்கிறதா?" அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

ஆனால் சிரிக்க, மனம் கொஞ்சம் மரத்திருக்க வேண்டும் என்கிறார் பெர்க்சன். கரையில் நனைந்து நடுங்குகிறவருக்கு அந்தக் கேள்வி எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.