பகடையும் பயிற்சித்தாளும்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயிற்சித்தாளின் படத்தைச் சுமந்து வந்தவை. ஒரு சீரான பகடையைப் பல முறை உருட்டும்போது ஒவ்வொரு முகமும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விழுவதற்கான நிகழ்தகவைக் கேட்கும் கணக்குகள் அதில் இருக்கின்றன. படம் அனுப்புவோர் கேள்வியின் முதல் வரியும் கடைசி வரியும் தெரியும்படி எடுத்தால் இருவருக்கும் நேரம் மிச்சமாகும்.

பகடையை 12 முறை உருட்டினால் ஒவ்வொரு முகமும் சரியாக இரண்டு முறை விழுவதற்கான நிகழ்தகவு என்ன? என் விடை (1/6)^12 என வருகிறது.

நீங்கள் கண்டது ஒரே ஒரு வரிசைக்கு உரிய நிகழ்தகவு. அதாவது 1, 1, 2, 2 எனத் தொடங்கி 6, 6 என முடியும் அந்த ஒரு வரிசைக்கு மட்டும். இரண்டு ஒன்றுகளும் எந்த உருட்டல்களில் வேண்டுமானாலும் விழலாம், மற்ற முகங்களும் அப்படியே என்பதால், அத்தகைய வரிசைகள் மொத்தம் எத்தனை என்று எண்ணி அதனால் பெருக்க வேண்டும். அந்த எண்ணிக்கை 12!/(2!)^6, அதாவது 74,84,400. அதை 6^12 ஆல், அதாவது சுமார் 218 கோடியால், வகுத்தால் 0.0034 கிடைக்கும். ஏறத்தாழ 290 தொடர்களில் ஒன்று.

10 உருட்டல்களில் 3, 2, 2, 2, 1, 1 என்ற எண்ணிக்கைகளுக்கு நிகழ்தகவு காண முடியுமா?

பூச்சியம். கூட்டிப் பாருங்கள், 11 வருகிறது. எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகை உருட்டல்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் சூத்திரத்தைத் தொடக்கூடாது என இந்தப் பகுதியில் பல முறை எழுதியாகிவிட்டது.

12 முறை கணக்கில், ஒன்று சரியாக இரண்டு முறை விழுவதற்கான நிகழ்தகவை ஈருறுப்புப் பரவலால் கண்டு, ஆறு முகங்களுக்கும் சேர்த்து அதை ஆறாம் அடுக்குக்கு உயர்த்தினேன். விடை 0.0007 அளவில் வருகிறது. தனிப்பயிற்சி ஆசிரியரும் இதுவே சரி என்கிறார்.

இந்தப் பிழை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. ஆசிரியர்களும் இதற்குச் சரி என்று குறியிடுவதால் இம்முறை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

ஒன்று சரியாக இரண்டு முறை விழுவதற்கான நிகழ்தகவு 0.296 என்பதில் பிழையில்லை. ஆனால் நிகழ்தகவுகளை அப்படியே பெருக்குவதற்கு அந்த நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். உருட்டல்கள் ஒன்றையொன்று சாராதவைதான். முகங்களின் எண்ணிக்கைகள் அப்படியல்ல. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதில்தான் பிழை பிறக்கிறது. ஒன்று என்னும் முகம் பன்னிரண்டு இடங்களில் எட்டை எடுத்துக்கொண்டால் மீதி ஐந்து முகங்களும் நான்கு இடங்களைத்தான் பங்கிட்டுக்கொள்ள முடியும் என்பதை நினைத்தாலே, ஓர் எண்ணிக்கை மற்றொன்றை எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்று தெரியும்.

படிப்படியாகப் போவோம். இரண்டு ஒன்றுகள் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொண்டால் மீதி 10 உருட்டல்கள் உள்ளன. அவற்றில் ஒன்று விழவில்லை என்று நமக்குத் தெரியும் என்பதால், எஞ்சிய ஐந்து முகங்களில் ஒவ்வொன்றின் நிகழ்தகவும் 1/6 அன்று, 1/5. அந்தப் பத்தில் சரியாக இரண்டு இரண்டுகள் விழுவதற்கான நிகழ்தகவு 0.302. அடுத்து 8 உருட்டல்கள், நான்கு முகங்கள். மூன்று என்னும் முகத்துக்கு 0.311. பிறகு 6 உருட்டல்கள், மூன்று முகங்கள், நான்குக்கு 0.329. பிறகு 4 உருட்டல்கள், இரண்டு முகங்கள், ஐந்துக்கு 0.375. கடைசியில் எஞ்சியிருப்பது இரண்டு உருட்டல்கள், ஒரே முகம். அது ஆறுதான் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை; எனவே அதன் நிகழ்தகவு 1. இவற்றைப் பெருக்குங்கள்: முதல் கேள்வியில் வந்த அதே 0.0034 வருகிறது.

உங்கள் முறை எங்கே சறுக்கியது என்பதைக் கடைசிப் படியே காட்டிவிடுகிறது. ஐந்து முகங்களின் எண்ணிக்கை தெரிந்தபின் ஆறாவது முகத்தின் எண்ணிக்கை தானாகவே தீர்மானமாகிவிடும். உறுதியாக நடக்கப்போகிற அதற்கும் நீங்கள் 0.296 என்று மதிப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நடுவில் உள்ள படிகளிலும் சிறிது சிறிதாகக் குறைத்துவிட்டதால், மொத்தத்தில் விடை ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. ஆசிரியர் ஒப்பாவிட்டால், பகடைக்குப் பதிலாக ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டிக் காட்டுங்கள்: தலை ஒன்று, பூ ஒன்று விழுவதற்கான நிகழ்தகவு 1/2 என்பது எல்லோருக்கும் தெரியும், அவருடைய முறையில் அது 1/4 ஆகிவிடும்.

படத்தில் விரல் மறைத்துவிட்டது. ‘சரியாக’ இரண்டு முறையா, ‘குறைந்தது’ இரண்டு முறையா என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதானே?

படத்தைச் சரியாக எடுத்திருக்கலாம். 12 உருட்டல்களுக்கு மட்டும் இரண்டும் ஒன்றுதான்: ஒவ்வொரு முகமும் குறைந்தது இரண்டு முறை விழுந்தாலே பன்னிரண்டு இடங்களும் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் உங்கள் படத்தின் மூலையில் 13 என்று தெரிகிறது. அப்போது ‘சரியாக’ என்றால் விடை பூச்சியம். ‘குறைந்தது’ என்றால் ஏதேனும் ஒரு முகம் மூன்று முறையும் மற்றவை இரண்டு முறையும் விழ வேண்டும். மூன்று முறை விழும் முகத்தைத் தேர்ந்தெடுக்க ஆறு வழிகள் இருப்பதால் 6 × 13!/(3! × (2!)^5) என்பதை 6^13 ஆல் வகுக்க வேண்டும். விடை சுமார் 0.015.

10 உருட்டல்களில் எண்ணிக்கைகள் 3, 2, 2, 1, 1, 1. விடை 0.0025 என்கிறேன் நான், 0.15 என்கிறான் நண்பன். யார் சரி?

கேள்வியின் முழு வாசகத்தை நீங்கள் அனுப்பவில்லை. ஒன்று மூன்று முறை, இரண்டும் மூன்றும் தலா இரண்டு முறை என்று முகங்களைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் உங்கள் விடை சரி. எந்த முகத்துக்கு எந்த எண்ணிக்கை என்று சொல்லாமல் அமைப்பை மட்டும் கேட்டிருந்தால், அந்த ஆறு எண்ணிக்கைகளை முகங்களுக்குப் பங்கிட 6!/(1! × 2! × 3!) = 60 வழிகள் உண்டு; அப்போது நண்பர் சரி.

ஒரு பகடையை 12 முறை உருட்டுவதும் 12 பகடைகளை ஒரே நேரத்தில் உருட்டுவதும் வேறா?

பகடைகள் சீரானவையானால் வேறில்லை.

120 முறை உருட்டி ஒவ்வொரு முகமும் 20 முறை விழ வேண்டும் என்கிறது கணக்கு. கால்குலேட்டர் பிழை காட்டுகிறது.

சாதாரண கால்குலேட்டர்கள் 69! வரைதான் தாங்கும், 70! என்பது 10^100 ஐத் தாண்டிவிடும். மடக்கைகளைக் கூட்டிக் கழித்து, கடைசியில் மட்டும் அடுக்கேற்றுங்கள். எக்செல் கையில் இருந்தால்:

```
=EXP(GAMMALN(121)-6*GAMMALN(21)-120*LN(6))
```

GAMMALN(n) என்பது (n−1)! இன் மடக்கை, அதனால்தான் 120 க்கு 121 என்றும் 20 க்கு 21 என்றும் எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றை விட்டுவிட்டு விடை ஒத்துவரவில்லை என்று எழுத வேண்டாம். விடை சுமார் 0.0000135, ஏறத்தாழ 74,000 இல் ஒன்று.

மகள் பகடையை 60 முறை உருட்டினாள். 8, 12, 9, 11, 14, 6 என்று வந்தது. ஒவ்வொன்றும் 10 வர வேண்டாமா? பகடை கோணலா?

ஒவ்வொன்றும் 10 என்பது மற்ற எந்தத் தனி முடிவையும்விட வாய்ப்பு மிகுந்தது என்பது உண்மை; ஆனாலும் அதன் நிகழ்தகவு சுமார் 13,400 இல் ஒன்றுதான். உருட்டல்கள் கூடக்கூட அச்சு அசலான சமப் பங்கீடு அரிதாகிக்கொண்டே போகும். விகிதங்கள்தான் 1/6 ஐ நெருங்கும். பகடையைச் சந்தேகிக்க இந்த நிகழ்தகவு உதவாது. ஒவ்வொரு முகத்துக்கும் பத்திலிருந்து உள்ள விலகலை வர்க்கப்படுத்திக் கூட்டி, பத்தால் வகுங்கள். உங்களுக்கு 42/10, அதாவது 4.2 வருகிறது. சீரான பகடையிலும் இருபது தடவைக்கு ஒரு தடவை 11.07 ஐத் தாண்டும் என்பதால் அந்த எல்லைக்கு மேலே போனால்தான் சந்தேகிக்க வேண்டும். இந்தச் சோதனையைக் கார்ல் பியர்சன் 1900 இல் வெளியிட்டபோது, வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை வீசிச் சேர்த்த கணக்கை அதற்கு உட்படுத்தினார். ஐந்தும் ஆறும் சேர்ந்து 1/3 பங்குக்குப் பதிலாக 0.3377 பங்கு விழுந்திருந்தன. அவ்வளவு சிறிய கோணலை அறுபது உருட்டல்களில் பிடிக்க முடியாது.

கோணல் பகடையானால் சூத்திரம் மாறுமா?

வரிசைகளின் எண்ணிக்கை மாறாது. 6^n ஆல் வகுப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு முகத்தின் நிகழ்தகவையும் அதன் எண்ணிக்கைக்கு அடுக்கேற்றிப் பெருக்குங்கள். அந்த ஆறு நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 வருகிறதா என்று முதலில் பாருங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் 1.05 வருகிறது.