காலையில் ஏர் இறங்கிய லாரி: வாங்கலாமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஆறு சக்கர லாரி ஒன்று பார்த்திருக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் ஏர் கேஜ் பூஜ்யத்தில் இருக்கிறது. இன்ஜினைப் போட்டு, ஏர் ஏறிய பிறகுதான் வண்டி நகர்கிறது. "ஏர் பிரேக் வண்டி எல்லாமே இப்படித்தான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: பாதியை நம்பலாம். ஏர் இல்லாமல் வண்டி நகராதது கோளாறு இல்லை. ஏர் எங்கே போனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெடலை மிதித்தால் டேங்கில் இருக்கும் ஏர், சக்கரத்தின் பக்கத்தில் உள்ள சேம்பர் என்ற டப்பாவுக்குள் போய், டயாப்ரம் என்ற ரப்பர் தகட்டைத் தள்ளும், பிரேக் பிடிக்கும். ஆனால் நிறுத்திய வண்டியை ஏரை நம்பி விட முடியாது. எந்த இணைப்பும் கொஞ்சம் கசியும். மேட்டில் நின்ற லோடு வண்டி ராத்திரியில் உருண்டுவிடும். அதனால் பின்சக்கர சேம்பரின் பின்பகுதியில் கனமான ஸ்பிரிங் ஒன்றை வைத்தார்கள். பிரேக்கைப் பிடிப்பது அந்த ஸ்பிரிங். ஏரின் வேலை அதை அமுக்கி விடுவிப்பது. ஹேண்ட் பிரேக்கைப் போடும்போது வரும் 'புஸ்' சத்தம், ஸ்பிரிங்கை அமுக்கியிருந்த ஏர் வெளியேறும் சத்தம்தான். ஓடும்போது ஏர் மொத்தமாக இறங்கினாலும் இதே ஸ்பிரிங் பின்சக்கரங்களைப் பிடித்துவிடும்.

காலையில் பூஜ்யம் என்பதை மட்டும் வைத்து வண்டியை ஒதுக்க வேண்டாம். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கேஜ் 8 பார் அளவுக்கு ஏறியதும் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, பெடலைத் தொடாமல் ஒரு நிமிடம் கேஜைப் பாருங்கள். அமெரிக்காவில் ஓட்டுநர் தேர்வில் இதற்கு வைத்திருக்கும் வரம்பு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ, அதாவது 0.14 பார். அந்த வரம்புக்குள் கசிந்தாலே ஒரு ராத்திரிக்குள் டேங்க் காலியாகிவிடும். அடுத்து பெடலை முழுசாக அழுத்திப் பிடியுங்கள். முதலில் ஒரே தடவை இறங்குவது இயல்பு. அதன்பின் நிமிடத்துக்கு 3 பிஎஸ்ஐ, சுமார் 0.2 பாருக்கு மேல் இறங்கக் கூடாது.

இறங்கினால் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்க்கலாம். பெடலை மிதிக்கும்போது மட்டும் சேம்பரில் காற்று சீறினால் சேம்பரின் முன்பகுதி டயாப்ரம் கிழிந்திருக்கலாம். ஹேண்ட் பிரேக்கை எடுத்ததும் சீறினால் ஸ்பிரிங் பக்கத்தைச் சந்தேகப்படுங்கள். இவை மாற்றக்கூடியவை, செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஏர் டேங்கின் டிரெயின் வால்வைத் திறக்கும்போது தண்ணீரோடு ஆயிலும் நிறைய வந்தால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம், அது பெரிய செலவு.

விற்பவர் சொல்லாமல் விடக்கூடியது ஒன்று உண்டு. கசியும் சேம்பரின் பின்புற போல்டைத் திருகி ஸ்பிரிங்கை அமுக்கி வைத்துவிட்டால், ஏர் இல்லாமலும் அந்தச் சக்கரம் சுற்றும். ஆனால் அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக்கே இருக்காது. பின்சக்கரங்களுக்குள் குனிந்து, இரண்டு சேம்பரிலும் போல்ட் எப்படி நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். சேம்பரின் கிளாம்பை மட்டும் யாரும் கழற்ற விடாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் பாய்ந்தால் ஆளையே கொன்றுவிடும்.