“பலமுறை கேட்டும் தரவில்லை” என்று எழுதினால் எம்.டி. கையெழுத்துப் போடுவாரா? – வாராக்கடன் மெமோ, கேள்வி பதில்

நூல் மில் கணக்குப் பிரிவு, ஈரோடு: சார், திருப்பூர் பனியன் பார்ட்டி ஒருத்தர் 3,93,500 ரூபாய் பாக்கி. ரைட் ஆஃப் பண்ணச் சொல்லி மெமோ வச்சேன், எம்.டி. திருப்பி அனுப்பிட்டார். எழுதினது இவ்வளவுதான்: “மேற்படி பார்ட்டி நீண்ட நாட்களாகப் பாக்கி வைத்துள்ளார். பலமுறை கேட்டும் தரவில்லை. செக்கும் திரும்பி வந்துவிட்டது. வசூலாக வாய்ப்பில்லாததால் ரைட் ஆஃப் செய்ய அனுமதி கோருகிறோம்.” லெட்ஜர், கடிதங்கள் எல்லாம் அனுப்பியிருக்கேன். எப்படி மாத்தணும்?

இந்த நாலு வரியில் தேதி ஒன்றுகூட இல்லை, தொகையும் இல்லை. கையெழுத்துப் போடுபவர் நம்பிக்கையின் பேரில் போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் திரும்பியது.

முதல் பத்தியிலேயே கேட்பதை முழுதாகக் கேட்டுவிடுங்கள். எவ்வளவு நீக்க வேண்டும், அதில் எவ்வளவுக்கு ஏற்கெனவே ஒதுக்கீடு இருக்கிறது, இந்த ஆண்டு லாபத்தில் எவ்வளவு குறையும், யார் ஒப்புதல் வேண்டும். உங்கள் ஏட்டில் 2023-24ல் பாதித் தொகை, 1,96,750, ஐயக்கடன் ஒதுக்கீடாகப் போயிருக்கிறது. எனவே இந்த ஆண்டு அடி 3,93,500 அல்ல, மீதி 1,96,750தான். எம்.டி. முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். உங்கள் மெமோவில் அது இல்லவே இல்லை.

அடுத்து, மூடி மறைத்த இரண்டு விஷயங்களை வெளியே எடுங்கள். ஒன்று, முதல் பில் கெடு தாண்டி 54 நாள் ஆன பிறகு மூன்றாவது லோடு போயிருக்கிறது. இரண்டு, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள், செக் வழக்குக்கு முன் அனுப்ப வேண்டிய 138ஆம் பிரிவு நோட்டீஸ் போகவில்லை, அந்த வழி அடைபட்டுவிட்டது. இரண்டையும் ஆடிட்டர் லெட்ஜரைப் புரட்டினாலே கண்டுபிடிப்பார். மெமோவில் நீங்களே ஒரு வரி எழுதினால் அது தகவல். அவர் கண்டுபிடித்தால் அது குற்றச்சாட்டு.

அதே ஈரோடு: பாக்கி எத்தனை நாள் பழசுன்னு காட்டுற ஏஜிங்ல ஒரு சிக்கல். டேலியில எடுத்தா மூணு பில்லும் முழுசா நிக்குது, 2023 பிப்ரவரியில வந்த ஒரு லட்சம் தனியா மைனஸ்ல நிக்குது. நாட்களை பில் தேதியிலிருந்து எண்ணணுமா, கெடு தேதியிலிருந்தா?

அந்த ஒரு லட்சம் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று ரசீது போட்டதால் தனியாக நிற்கிறது. எந்த பில்லுக்கு என்று பார்ட்டி சொல்லாத பட்சத்தில் மிகப் பழைய பில்லில் கழிப்பதே வழக்கம். ரசீதைத் திறந்து, 12-06-2022 பில்லுக்கு எதிராக மாற்றுங்கள். அப்போது நிலுவை இப்படி வரும்:

| பில் தேதி | பில் தொகை | 45 நாள் கெடு | நிலுவை |
|---|---|---|---|
| 12-06-2022 | 1,57,500 | 27-07-2022 | 57,500 |
| 04-08-2022 | 2,10,000 | 18-09-2022 | 2,10,000 |
| 19-09-2022 | 1,26,000 | 03-11-2022 | 1,26,000 |

கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி பேலன்ஸ் ஷீட்டில் வரும் ஏஜிங், பணம் செலுத்த வேண்டிய தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. கெடு எதுவும் பேசியிருக்காவிட்டால்தான் பில் தேதி. மெமோவிலும் அதையே வையுங்கள், இல்லாவிட்டால் மெமோ ஒன்று சொல்லும், பேலன்ஸ் ஷீட் வேறு சொல்லும். 31-03-2025 அன்று மூன்றும் ‘2 முதல் 3 ஆண்டு’ கட்டத்தில் விழுகின்றன. அட்டவணைக்குக் கீழே, கடைசியாகப் பணம் வந்த நாள் 15-02-2023 என்று ஒரு வரி சேருங்கள். கடன் செத்துவிட்டதா என்பதை ஏஜிங்கைவிட அந்த ஒரு வரி தெளிவாகச் சொல்லும்.

வரி ஆலோசகரிடம் உதவியாளர், சேலம்: மூணு வருஷம் முடிஞ்சாத்தானே ரைட் ஆஃப் பண்ணவே முடியும்? அப்புறம் கிரெடிட் நோட் போட்டு ஜி.எஸ்.டி.யையும் திரும்ப வாங்கிடலாம். மெமோவில் இதையும் சேர்க்கச் சொல்லுங்க.

மூன்று வருடம் என்பது வழக்குப் போடுவதற்கான காலவரம்பு. ரைட் ஆஃபுக்கு அப்படிக் கெடு கிடையாது. 1961 வருமான வரிச் சட்டம் 36(1)(vii) பிரிவில், வாராக்கடன் என்று ஏட்டில் எழுதி நீக்கினாலே போதும், வசூலாகாது என்று தனியே நிரூபிக்கத் தேவையில்லை என உச்ச நீதிமன்றம் 2010ல் டி.ஆர்.எஃப். லிமிடெட் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த விற்பனை முன்பு வருமானமாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் உண்டு. வெறும் ஒதுக்கீட்டுக்குக் கழிவு கிடையாது. 1-4-2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால் அதற்குப் பிந்தைய ஆண்டு மெமோக்களில் பிரிவு எண்ணைச் சரிபார்த்துப் போடுங்கள்.

கிரெடிட் நோட் விஷயம் தவறு, ஆபத்தும்கூட. சரக்கு திரும்பினால், குறைபாடு இருந்தால், விலையோ வரியோ கூடுதலாகப் போட்டிருந்தால்தான் ஜி.எஸ்.டி.யில் கிரெடிட் நோட். பார்ட்டி பணம் தரவில்லை என்பது காரணமாகாது. கட்டிய வரி கட்டியதுதான். அதோடு, நீங்கள் கொடுக்கும் கிரெடிட் நோட்டை நாளைக்கு அவர் “பாக்கி இல்லை என்று அவர்களே எழுதிக் கொடுத்தார்கள்” என்று நீட்டுவார்.

இந்தப் பாக்கியில் 5 சதவீத ஜி.எஸ்.டி. 18,738 ரூபாய் அடங்கியிருக்கிறது. அது விற்பனை வருமானமாகவே வராத தொகை. அதற்கும் வாராக்கடன் கழிவு கேட்கலாமா, வியாபார நஷ்டமாகக் கேட்கலாமா என்பதில் ஆடிட்டர்களிடையே ஒரே கருத்து இல்லை. மெமோவில் தொகையைப் பிரித்துக் காட்டிவிட்டு முடிவை உங்கள் ஆடிட்டரிடம் விடுங்கள்.

தனியார் ஊழியர், மதுரை: ஐயா, என் பர்சனல் லோனைப் பேங்க்ல ரைட் ஆஃப் பண்ணிட்டதா சிபில்ல காட்டுது. அப்போ நான் கட்ட வேண்டாம்தானே?

கட்ட வேண்டும். பேங்க் தன் ஏட்டில் நீக்கியிருக்கிறது, உங்களை விடுவிக்கவில்லை.

இங்கே பேசுவது வேறு என்றாலும் ஈரோட்டுக்காரருக்கு இதில் வேலை இருக்கிறது. மெமோவின் கடைசியில் “இது ஏட்டளவிலான நீக்கம் மட்டுமே, பார்ட்டியிடம் வசூலிக்கும் உரிமை கைவிடப்படவில்லை, பின்னர் வரும் தொகை வருமானமாகக் காட்டப்படும்” என்று எழுதுங்கள். நகல் பார்ட்டிக்குப் போகக் கூடாது. அவருக்கு வழக்கமாகப் போகும் பாக்கி உறுதிக் கடிதத்தில் பூஜ்யம் என்றும் போய்விடக் கூடாது.

ஈரோடு மீண்டும்: எடுத்த முயற்சிகளை எப்படி எழுத? போன் பண்ணினது எல்லாம் எழுதினா ரெண்டு பக்கம் வருது. எம்.டி. “கேஸ் போடலையா?”ன்னும் கேட்கிறார்.

போன் எல்லாம் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தாள் இருக்க வேண்டும். தாள் இல்லாத முயற்சியை விட்டுவிடுங்கள்.

நீங்கள் அனுப்பியதில் நான் எடுத்துக்கொள்வது நான்கு: செக் ரிட்டர்ன் மெமோ, திரும்பி வந்த பதிவுத் தபால் உறை, ஜி.எஸ்.டி. தளத்தில் பதிவெண் நிலை, வழக்கறிஞர் கருத்து. உறையில் தபால்காரர் எழுதியதைப் பாருங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்றிருந்தால் சட்டப்படி சேர்ந்ததாகவே கொள்ள இடமுண்டு, ஆள் அங்கே இருக்கிறார் என்றும் அர்த்தம். உங்கள் உறையில் இருப்பது ‘இடம் மாறிச் சென்றார்’. அது வேறு கதை. உறையைக் கிழிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அவர் எண்ணைப் போட்டால் `Cancelled suo-moto` என்று தேதியோடு வருகிறது. அந்தத் திரையை எடுத்த நாளோடு அச்செடுத்து இணையுங்கள். கடையை மூடிவிட்டார் என்பதற்கு உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொல்வதைவிட இது கனமான சாட்சி.

வழக்குக் கேள்விக்குப் பதில் இல்லாத மெமோ திரும்பத்தான் செய்யும், ஏனென்றால் முதல் பில்லுக்கான மூன்றாண்டு வரம்பே 27-07-2025 வரை இருக்கிறது. பிப்ரவரி 2023ல் வந்த பணம் அதை இன்னும் நீட்டுமா என்பது, அதற்கு அவர் கையெழுத்திட்ட எழுத்து ஏதும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள். கோர்ட் கட்டணம் தமிழ்நாட்டில் 3 சதவீதம், அதாவது 11,805 ரூபாய்தான். செலவு அதிகம் என்ற காரணம் இங்கே எடுபடாது.

நியாயமான காரணம், கோர்ட்டில் டிக்ரி வாங்கினாலும் ஜப்தி செய்ய ஒன்றுமில்லை என்பதுதான். அதைச் சொல்வதற்கு முன் ஒரு வேலை பாக்கி. அவர் தனி உரிமையாளர். கடை மூடினாலும் அவர் வீடு, நிலம் கடனுக்குப் பொறுப்புதான். வீட்டின் சர்வே எண்ணை விசாரித்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வீடு அவர் பேரில் அடமானம் இல்லாமல் இருந்தால் மெமோவைக் கிழித்துவிட்டு வழக்குப் போடுங்கள்.

கம்பெனிச் செயலர் அலுவலகம், கோவை: எங்க கேஸ் வேற. பாக்கிக்காரர் எங்க டைரக்டரோட மச்சான் நடத்தும் ஃபர்ம். தொகை 4 லட்சம், எம்.டி. அதிகாரம் 5 லட்சம் வரை. அவரே ஒப்புதல் தரலாமா?

அதிகாரப் பட்டியலை மட்டும் பார்த்தால் தரலாம். நான் தர விடமாட்டேன். உறவைக் குறிப்பின் முதல் பத்தியிலேயே சொல்லி, போர்டுக்கு அனுப்புங்கள். சம்பந்தப்பட்ட டைரக்டர் அந்தத் தீர்மானத்தில் கலந்துகொள்ள வேண்டாம். பாக்கிக்காரர் டைரக்டரே என்றால், அவர் கடனைத் தள்ளுவதற்கு கம்பெனிச் சட்டத்தின் 180ஆம் பிரிவு சிறப்புத் தீர்மானம் கேட்கிறது. பிரைவேட் கம்பெனிகளுக்கு விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஈரோடு கடைசியாக: எங்க பட்டியலில் 50,000 வரை ஃபைனான்ஸ் மேனேஜர். மூணு பில்லையும் தனித்தனி மெமோவா வச்சு மேலே போகாம முடிக்கலாமான்னு சேல்ஸ் சொல்றாங்க.

முடியாது. உங்கள் சிறிய நிலுவையே 57,500, அதுவே மேனேஜர் வரம்பைத் தாண்டுகிறது. தாண்டாவிட்டாலும் அளவுகோல் பார்ட்டியின் மொத்தப் பாக்கிதான், பில் அல்ல. கடன் கொடுக்கச் சொன்ன சேல்ஸ் தலைவர் ‘உண்மைத் தகவல் சரி’ என்று கையெழுத்திடலாம், ‘பரிந்துரைக்கிறேன்’ என்ற இடத்தில் வேண்டாம். அது கணக்குப் பிரிவின் இடம், அதன் மேல் எம்.டி.

மார்ச் 31க்குள் தேதியோடு ஒப்புதல் வாங்கிப் பதிவு போடுங்கள். ஒதுக்கீட்டுக் கணக்கில் 1,96,750 பற்று, வாராக்கடன் கணக்கில் 1,96,750 பற்று, பார்ட்டி கணக்கில் 3,93,500 வரவு. முழுத் தொகையையும் வாராக்கடனில் போட்டால் ஒதுக்கீடு அப்படியே தொங்கி, ஒரே நஷ்டம் இரண்டு முறை வரும். முதல் பத்தியை இப்படி வைக்கலாம்:

“திருப்பூர் பார்ட்டியிடமிருந்து 2022 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மூன்று பில்களில் ரூ. 3,93,500 நிலுவை. கடைசி வரவு 15-02-2023. ஒதுக்கீடு ரூ. 1,96,750 போக, இந்த ஆண்டு லாபத்தில் ரூ. 1,96,750 குறையும். முதல் பில் கெடு தாண்டிய பிறகே மூன்றாவது லோடு அனுப்பப்பட்டது. செக் திரும்பியபோது உரிய காலத்தில் நோட்டீஸ் அனுப்பப்படவில்லை. பார்ட்டியின் ஜி.எஸ்.டி. பதிவு ரத்தாகியுள்ளது, தபால் திரும்பியது, உரிமையாளர் பேரில் கடனில்லாத சொத்து இல்லை (இணைப்பு 1 முதல் 5). ஏட்டிலிருந்து நீக்க எம்.டி. ஒப்புதல் கோரப்படுகிறது.”

சொத்து பற்றிய அந்த வாக்கியத்தை வில்லங்கச் சான்று கைக்கு வந்த பிறகு மட்டும் போடுங்கள்.