தடைக்காலத்தை மறைத்த திட்ட அறிக்கை

“ஐயா, மண்டபத்தில் 24 பேர் உட்காரும் மீன் சாப்பாட்டுக் கடை வைக்க வங்கியில் 5 லட்சம் கடன் கேட்டேன். திட்ட அறிக்கை சரியில்லை என்று வாயால் சொல்லித் திருப்பிவிட்டார்கள். 8,000 ரூபாய் கொடுத்தால் மானியத்தோடு வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்கும் கடன் விண்ணப்பத்துக்கும் அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. இடைத்தரகர் தருவது பெரும்பாலும் பெயரை மட்டும் மாற்றிய பழைய அறிக்கைதான். அதில் தினம் 100 சாப்பாடு, மாதம் 30 நாள், பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை என்று இருக்கும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது உங்கள் ஊர் வங்கி மேலாளருக்குத் தெரியாதா? அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மீதியைப் படிக்காமல் மூடிவிடுவார்.

கணக்கை நீங்களே போடுங்கள். சுமாரான மாதத்தில் தினம் 60 சாப்பாடு, ஆளுக்கு 130 ரூபாய், 26 நாள் என்றால் வரவு 2,02,800. மீன், அரிசி, எண்ணெய், மசாலாவுக்குப் பாதி போகும். சம்பளம், வாடகை, கேஸ், கரண்ட், ஐஸ் எல்லாம் சேர்ந்து 78,000 என்று வைத்தால் கையில் 23,400 நிற்கும். 5 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில், 5 வருடத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 10,870. கட்டிவிடலாம்.

மந்த மாதத்தில்தான் சோதனை. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் கூண்டு ஏற்றினால் அதுவும் வராது. அப்போது 40 சாப்பாடுதான் ஓடும் என்று வையுங்கள். வரவு 1,35,200. பொருள் செலவு பாதியைத் தாண்டாது என்று வைத்தாலும் 67,600 போய்விடும். கேஸ் கொஞ்சம் மிச்சமானாலும் மாஸ்டர் சம்பளமும் வாடகையும் குறையாது, மற்ற செலவு 73,000. ஆக 5,400 கைநஷ்டம். தவணையையும் சேர்த்தால் அந்த ஒரு மாதத்துக்கு 16,270 வெளியிலிருந்து வரவேண்டும். வருடத்தில் இப்படி மூன்று மாதம் வந்தால் சுமார் 49,000.

இந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு அறிக்கையில் பதில் இருக்கவேண்டும். விற்பனை கூடும் நல்ல மாதங்களில் மிஞ்சுவதிலிருந்து இந்த 49,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்குவேன் என்று மாதவாரியாக எழுதுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுப்பதையும் தனி வரியில் காட்டுங்கள். அதை மறைத்தால்தான் பின்னால் தவணை தவறும். கடை சூடுபிடிக்கும் வரை ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட அனுமதி கேளுங்கள். முதல் முழுத்தவணை தடைக்காலத்தில் விழாதபடி திறக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

காகிதங்களில் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எல்லோரும் கொண்டுபோவதுதான். தடுக்கி விழுவது இரண்டில். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு இருக்கும், கடனோ 5 வருடம். புதுப்பிக்கும் உரிமையை அதிலேயே எழுதி வாங்குங்கள். அடுப்பு, டீப் ஃப்ரீசர் கொட்டேஷன் ஜி.எஸ்.டி. எண்ணோடு, உண்மையான விலையில் இருக்கட்டும். வங்கி பணத்தை அந்தப் பொருளை விற்பவர் கணக்குக்கே அனுப்பும். விலையை ஏற்றிப் போட்டு மிச்சத்தைக் கையில் தருகிறேன் என்பவரை நம்பினால், வாராத பணத்துக்கும் நீங்கள்தான் வட்டி கட்டுவீர்கள். கடை அட்வான்ஸைப் பெரும்பாலும் கடனில் சேர்க்கமாட்டார்கள், அது உங்கள் கைப்பணம்.

மானியம் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் இந்த மானியம் புதுத் தொழிலுக்குத்தான். ஒரு மேசையைப் போட்டு நான்கு பேருக்குச் சாப்பாடு பரிமாறி, பில் புத்தகமும் அடித்துவிட்டால் அது நடக்கும் கடை, தகுதி போய்விடும். ‘முதலில் ஆரம்பியுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லுபவர்கள் பேச்சைக் கேட்டு இப்படி இழந்தவர்கள் நிறைய. ஆகவே ஃப்ரீசர் வாங்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியம் கைக்கும் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். ரொக்கமாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பொய்.

கடைசியாக ஒன்று. நீங்கள் கேட்கும் 5 லட்சம் போன்ற சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பத்திரம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கடனை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். இத்தனை வருடமாகியும் வாயால் சொல்லி அனுப்பும் பழக்கம் போகவில்லை என்பது வேதனை. புது அறிக்கையோடு போகும்போது விண்ணப்ப நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மேலே புகார் செய்யும்போது அது கைகொடுக்கும்.