கெட்டில் தூக்கினால் முழங்கை வலிக்கிறது: ஓய்வா, ஊசியா?

கேள்வி: எனக்கு 46 வயது. மூன்று மாதத்துக்கு முன் வீட்டு ஜன்னல்களை எல்லாம் இரண்டு நாளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வண்ணம் அடித்தேன். அதிலிருந்து வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. பையைத் தூக்கினாலும், தண்ணீர் நிரம்பிய கெட்டிலைத் தூக்கினாலும் சுரீரென்கிறது. மூன்று வாரம் அந்தக் கையை அசைக்காமலே வைத்திருந்தேன். வலி போய்விட்டது என்று நினைத்து கெட்டிலைத் தூக்கிய முதல் நாளே திரும்பி வந்துவிட்டது. நரம்பு பிசகிவிட்டது, ஒரு ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னும் ஓய்வு எடுக்கவா, ஊசி போட்டுக்கொள்ளவா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பிசகியது நரம்பு அல்ல. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண்தான் சிரமப்படுகிறது. டென்னிஸ் ஆடாதவர்களுக்கே அதிகம் வந்தாலும் இதற்கு டென்னிஸ் எல்போ என்றுதான் பெயர்.

கெட்டிலைத் தூக்கும்போது முழங்கை ஏன் வலிக்க வேண்டும்? இடது கையை வலது முன்கையின் மேல்பக்கத்தில், முழங்கைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டு வலது கையை இறுக்கி மூடிப் பாருங்கள். விரலை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. ஆனாலும் உங்கள் விரல்களுக்கு அடியில் மேல்பக்கத் தசை திரண்டு எழும். விரல்கள் எதையாவது இறுகப் பற்றும்போது அந்த இழுப்பில் மணிக்கட்டும் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். மடங்கவிடாமல் பின்னால் இழுத்துப் பிடிப்பது இந்த மேல்பக்கத் தசைகள்தான். அவற்றின் தசைநாண்கள் எல்லாம் ஒன்றுகூடி முழங்கையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பு முண்டில் ஒரு சிறிய இடத்தில் வந்து ஒட்டுகின்றன. ஆகவே கை எதைப் பற்றினாலும் சுமை போய்ச் சேரும் இடம் அது. கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்கத் தூக்கினால் அந்தத் தசைநாண் மூட்டின் மேல் இழுபட்டு அழுந்தவும் செய்கிறது. பையும் கெட்டிலும் உங்களைக் காட்டிக்கொடுப்பது இதனால்தான். ஒன்றரை லிட்டர் நிரம்பிய கெட்டில், அதன் சொந்த எடையையும் சேர்த்தால் இரண்டரை கிலோவை நெருங்கிவிடும்.

இரண்டு நாள் உப்புத்தாள் வேலையில் அந்தச் சிறிய இடம் பழக்கமில்லாத அளவுக்கு ஆயிரக்கணக்கான தடவை இழுபட்டிருக்கிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் தசையைவிடக் குறைவு. தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையும் மெதுவாகவே நடக்கும். தேய்மானம் அந்த வேகத்தை மிஞ்சும்போது, கயிற்றின் முறுக்குப் போல வரிசையாக இருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் வரிசை கலைந்து தளர்ந்துபோகின்றன. மாதக்கணக்கில் வலித்த தசைநாண்களை ஆராய்ந்தபோது பெரும்பாலும் தெரிந்தது இந்தக் கலைந்த இழைகள்தான், வழக்கமான அழற்சி அல்ல. வலி மாத்திரையும் களிம்பும் சில நாள் வலியை மட்டுப்படுத்தலாம், ஆனால் இழைகளை வரிசைப்படுத்துவது அவற்றின் வேலை அல்ல.

உங்கள் மூன்று வார ஓய்வு ஏன் பலிக்கவில்லை என்பதும் இங்கேதான் இருக்கிறது. தசைநாண் தனக்கு வரும் சுமையை அளந்து அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் திசு. சுமையே வராவிட்டால் வலி அடங்கும், கூடவே தாங்கும் திறனும் இறங்கும், தசையும் மெலியும். அந்த நிலையில் நேராக இரண்டரை கிலோ கெட்டிலுக்குப் போனீர்கள். அது மறுபடி வலித்ததில் ஆச்சரியம் இல்லை. ஆகவே கூடுதல் ஓய்வு உங்களுக்கு வேண்டாம். வேண்டியது தாங்கக்கூடிய சிறு சுமையில் தொடங்கி மெல்ல ஏற்றுவது.

ஊசியைப் பற்றி: அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஸ்டீராய்டு ஊசியாக இருக்கும். நெதர்லாந்தில் இதே வலி உள்ள 185 பேரை ஊசி, பிசியோதெரபி, பொறுத்துப் பார்ப்பது என மூன்றாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2002ல் வெளியானது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, சும்மா பொறுத்திருந்தவர்களில் 32. அங்கேயே பார்வையை நிறுத்தினால் ஊசிதான் சிறந்தது. ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஊசிக் குழுவில் தேறியிருந்தவர்கள் 69 சதவீதம் மட்டுமே, பிசியோதெரபியில் 91, எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில்கூட 83. பின்னால் வந்த ஆய்வுகளும் இதே போக்கைத்தான் காட்டின. ஊசி வலியை வேகமாக மறைக்கிறது, தசைநாண் தயாராகும் முன்பே கை பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். மருந்தே திசுவைப் பலவீனப்படுத்துவதும் உண்டு. உங்கள் நிலையில் ஊசியை முதல் வழியாக எடுக்க வேண்டாம் என்றுதான் அழுத்திச் சொல்வோம்.

இன்றே மாற்ற வேண்டியது தூக்கும் விதம். முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைத்து, உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குங்கள். அப்போது சுமையை வேறு தசைகள் ஏற்றுக்கொள்ளும். கெட்டிலில் தேவையான அளவு மட்டும் தண்ணீர் பிடித்து, இடது கையை அடியில் கொடுங்கள் (சூடாக இருந்தால் துணி வைத்து). பையை விரல்களில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். துணி பிழிவது, இறுகிய மூடி திறப்பது, ஸ்க்ரூடிரைவர் திருகுவது ஆகியவற்றைச் சில வாரம் மற்றக் கைக்கோ மற்றவருக்கோ கொடுத்துவிடுங்கள். மற்றபடி கையைச் சாதாரணமாகப் பயன்படுத்தலாம்.

இனி பயிற்சி. முன்கையை மேசை மேல் படிய வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே வருமாறு, உள்ளங்கை கீழே பார்க்க உட்காருங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடியுங்கள். அது ஏறக்குறைய அரை கிலோ. மணிக்கட்டை முன்கையோடு நேர்கோட்டில் நிறுத்தி 30 முதல் 45 விநாடி அசையாமல் பிடித்திருங்கள். ஒரு நிமிடம் விட்டு மறுபடி. இப்படி ஐந்து முறை, தினம் ஒரு வேளை. வலி வரும். அது பத்துக்கு மூன்று, நான்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இது இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் அசைவுக்கு மாறலாம். அதே நிலையில் மூன்று விநாடி எடுத்து மணிக்கட்டை மேலே தூக்கி, நான்கு விநாடி எடுத்துக் கீழே இறக்குங்கள். 15 தடவை ஒரு சுற்று; மூன்று சுற்று; ஒன்று விட்டு ஒரு நாள். நடுவில் ஒரு நாள் விடுவதற்குக் காரணம் உண்டு. சுமை கொடுத்த முதல் நாளில் தசைநாணுக்குள் கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவது அதிகம். கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் முந்துகிறது. அந்த இடைவெளி கொடுக்காமல் தினமும் எடை தூக்கினால் சிதைவுதான் சேரும். அடுத்தடுத்து இரண்டு முறை மூன்று சுற்றும் அடங்கிய வலியோடு முடிந்தால் அரை கிலோ கூட்டுங்கள். இங்கே பாட்டிலை விட்டுவிட்டு டம்பெல்லுக்கு மாறுவது நல்லது. ஒரு லிட்டர் பாட்டில் பருமனாக இருப்பதால் எடையைவிட அதைப் பற்றுவதே வலியைக் கிளப்பும். இரண்டு கிலோவுக்கு வந்ததும் தடவைகளை எட்டு, பத்தாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கையை நீட்டி வைத்து அதே பயிற்சியை, எடையைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்குங்கள். பை தூக்கும்போது கை நீண்டுதானே இருக்கிறது!

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? பயிற்சி நேரத்து வலியைவிட மறுநாள் காலை சொல்வதுதான் நம்பகமானது. தினமும் காலையில் அரை லிட்டர் தண்ணீர் உள்ள கெட்டிலை ஒருமுறை தூக்கி, வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு நாள்காட்டியில் எழுதுங்கள். உதாரணமாக வழக்கமாக மூன்று என்று வைப்போம். திங்கட்கிழமை பயிற்சி, செவ்வாய் காலையிலும் மூன்று: அளவு சரி. புதன்கிழமை எடை கூட்டினீர்கள், வியாழன் காலை ஐந்து: கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை பயிற்சியை விட்டுவிடாதீர்கள். முந்தைய எடைக்கு இறங்கி, இரண்டு சுற்றோடு நிறுத்துங்கள். நல்ல நாள்தான் இங்கே ஆபத்தானது. வலி ஒன்றுக்கு இறங்கியதும் மீதி ஜன்னலையும் தேய்த்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். மிச்ச வேலை இருந்தால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம், மறுநாள் விடுமுறை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வலிக்கும் முண்டையே தினமும் அழுத்தித் தேய்ப்பதையும், மணிக்கட்டை மடக்கி முரட்டுத்தனமாக இழுத்து நீட்டுவதையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே அழுந்தும் இடத்தை அவை மேலும் அழுத்தும். முன்கைப் பட்டை வாங்கினால் அதை முண்டின் மேல் கட்டாமல் இரண்டு விரற்கடை கீழே, தசை திரளும் இடத்தில் கட்டிக் கையை மூடிப் பாருங்கள். உடனே வலி குறைந்தால் வேலை செய்யும்போது மட்டும் போடலாம்; குறையாவிட்டால் உங்களுக்கு அது பயன்படாது. விரல் மரத்தால் இறுக்கம் அதிகம்.

காலக்கணக்கை முன்பே சொல்லிவிடுகிறோம். ஆறு வாரத்தில் மாற்றம் புலப்படும், நிரம்பிய கெட்டில் சாதாரணமாக மூன்று மாதம் ஆகலாம். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் முழுதாக அடங்கிவிடும்.

ஆனால் கழுத்தைத் திருப்பும்போது கைக்கு வலி இறங்கினால், விரல்கள் மரத்தால், விரலையோ மணிக்கட்டையோ தூக்கவே முடியாவிட்டால், முழங்கை முழுதாக நீளாமல் பூட்டிக்கொண்டால், பயிற்சியைத் தொடங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். அவை கழுத்து நரம்பு, முன்கை நரம்பு, மூட்டு ஆகியவற்றின் சிக்கலாக இருக்கலாம். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால் அன்றே போங்கள். இது எதுவும் இல்லாமல், பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் காலை மதிப்பெண் அசையவில்லை என்றால் அந்த நாள்காட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். எந்த எடையில் நின்றுபோனது என்பதை அதிலிருந்தே அவர் கண்டுபிடித்துவிடுவார்.